பிரேம் வேகத்தைச் சரியாக அளப்பது எப்படி?

கணினி விளையாட்டு தடுமாறித் தடுமாறி ஓடினால் பலரும் செய்வது ஒன்றுதான். அமைப்புகள் பக்கத்தைத் திறந்து, நான்கைந்து தெரிவுகளை ஒரே மூச்சில் குறைத்துவிடுவார்கள். பிரேம் வேகம் கூடும். ஆனால் எதனால் கூடியது என்று தெரியாது. குறைத்த ஐந்தில் நான்கு, படத்தின் அழகைக் கெடுத்ததோடு சரி என்றும் இருக்கலாம்.

தொடக்கப்பள்ளி அறிவியலில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி நினைவிருக்கிறதா? இங்கே மாற்றும் அமைப்பு தற்சார்பு மாறி. ஒரு விநாடிக்கு எத்தனை பிரேம் (FPS) என்பது சார்பு மாறி. மற்றவை எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அதுதான் கடினம்.

2021இல் வெளிவந்த ஃபோர்ஸா ஹொரைசன் 5 கார்ப் பந்தய விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதனுள்ளேயே ஒரு சோதனை ஓட்டம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே சாலை, அதே கார்கள். ஓட்டுபவரின் கைக்கு அங்கே வேலை இல்லை. முடிவில் சராசரி பிரேம் வேகத்தைக் காட்டும்.

சோதனைக்கு முன் மடிக்கணினியை மின்சாரத்தில் இணையுங்கள். பின்னணியில் நடக்கும் பதிவிறக்கங்களை நிறுத்துங்கள். V-Sync தெரிவையும் பிரேம் வரம்பையும் அணைப்பது முக்கியம். இல்லாவிட்டால் 60 ஹெர்ட்ஸ் திரையில் எதை மாற்றினாலும் 60 என்றே வந்து நிற்கும். மாற்றத்தால் பயனில்லை என்று தவறாக நினைத்துவிடுவோம். முதல் ஓட்டத்தின் எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்போது கணினி குளிர்ந்திருக்கும். சூடேறிய பிறகு அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம் ஊர் வெப்பத்தில், குளிர்சாதனம் இல்லாத அறையில், இந்த வேறுபாடு பெரிதாகவே தெரியும்.

இனி மூன்று ஓட்டங்கள். விளக்கத்துக்காக, 61, 62, 61 கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். எதையும் மாற்றாமலேயே எண் 1 அளவுக்கு அசைகிறது. இதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். இதைவிடப் பெரிய மாற்றத்தைத்தான் மாற்றம் என்று நம்பலாம்.

அடுத்து, விளிம்புகளை மென்மையாக்கும் MSAA என்ற ஒரே ஓர் அமைப்பை 4xஇலிருந்து 2xக்குக் குறைக்கிறோம். 68, 69, 68 வருகிறது. இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். மீண்டும் 4xக்குத் திரும்பி ஓட்டிப் பாருங்கள். 61 வந்தால், கூடிய 7 பிரேமும் MSAA தந்ததுதான். 66 வந்தால், இடையில் வேறு ஏதோ மாறியிருக்கிறது. அறை குளிர்ந்திருக்கலாம், பின்னணியில் ஓடிய ஒரு வேலை முடிந்திருக்கலாம். பலர் விட்டுவிடும் படி இதுதான்.

ஆனால் நாம் விளையாடுவது சோதனை ஓட்டத்தை அல்லவே! இந்த விளையாட்டில் குவானஹுவாத்தோ என்ற மெக்சிகோ நகரம் வருகிறது. நெருக்கமான கட்டடங்களும் குறுகிய தெருக்களும் கொண்ட அங்கே கணினிக்கு வேலை அதிகம். ஆகவே நாமே ஒரு சோதனை வகுக்கலாம். தனியாள் முறையில், ஒரே காரில், ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே தெருக்கள் வழியாக 60 விநாடி ஓட்டுவது. பிரேம்களைப் பதிவு செய்ய PresentMon என்ற இலவச மென்பொருள் போதும். விளையாட்டினுள் பருவமும் வானிலையும் மாறும் என்பதால், எல்லா ஓட்டங்களையும் ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். ஒன்றில் மட்டும் மழை பெய்தால் அதைத் தள்ளிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள்.

4xஇல் 52, 57, 54 என்றும், 2xஇல் 55, 53, 58 என்றும் வந்தால் என்ன சொல்வீர்கள்? சராசரி ஏறக்குறைய 1 கூடியிருக்கிறது. ஆனால் எதையும் மாற்றாமலேயே எண் 5 அளவுக்கு அசைகிறதே! எனவே MSAA உதவியது என்று சொல்ல இடமில்லை.

சோதனை ஓட்டத்தில் 7 பிரேம் தந்த அமைப்பு, நகரத்தில் ஏன் கைவிட்டது? கிராபிக்ஸ் அட்டையின் பயன்பாட்டைப் பார்த்தால் விடை கிடைக்கும். சோதனை ஓட்டத்தில் 98 விழுக்காடு, நகரத்தில் 75 என்று காட்டினால், நகரத்தில் அந்த அட்டை காத்துக்கொண்டிருக்கிறது. திணறுவது பெரும்பாலும் மையச் செயலி. MSAA கிராபிக்ஸ் அட்டையின் சுமையை மட்டுமே குறைக்கும். உறுதிப்படுத்த, திரைத் தெளிவை வெகுவாகக் குறைத்து அதே தெருவில் ஓட்டுங்கள். அப்போதும் வேகம் கூடாவிட்டால், தடை கிராபிக்ஸ் அட்டையில் இல்லை. MSAAவை 4xக்கே திருப்பி வைத்துவிட்டு, நகரத்தின் கட்டட விவரங்களைக் கட்டுப்படுத்தும் Environment Geometry Quality அமைப்பை அடுத்துச் சோதிக்கலாம். அதையும் தனியாகத்தான்.