எந்தப் பக்கத்தில் திருத்தினீர்கள்?

முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபின், அது நெறியாளரிடமும் குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்களிடமும் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறை. தேர்வாளர்களின் அறிக்கைகள் திருத்தக் குறிப்புகளோடு திரும்பி வருவது வழக்கம். அப்போது ஆய்வாளர் திருத்திய ஆய்வேட்டை மட்டும் கொடுத்தால் போதாது. சில பக்கங்களில் ஒரு பதில் அட்டவணையும் தயாரிக்க வேண்டும். தேர்வாளர் சொன்னது, ஆய்வாளரின் பதில், செய்த மாற்றம், மாற்றம் இருக்கும் இடம் ஆகிய நான்கும் அதில் இருக்கும்.

முந்நூறு பக்க ஆய்வேட்டை இரண்டாம் முறை யாரும் முழுக்கப் படிப்பதில்லை. சரிபார்ப்பவர் அட்டவணையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, அது சொல்லும் பக்கத்தை மட்டும் புரட்டுவார். ஆகவே அவர் முதலில் தேடுவது கடைசிக் கட்டத்தைத்தான்.

ஒரு கற்பனை ஆய்வேட்டை எடுத்துக்கொள்வோம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் கிணற்றுநீரின் உப்புத்தன்மை பற்றியது அது. முதல் தேர்வாளர் எழுதுகிறார்: "ஆய்வுப் பரப்பு கொம்யூனா, தாலுகாவா என்பது தெளிவாக இல்லை."

பார்க்கச் சிறிய கேள்விதான். ஆனால் புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர் என்ற பெயர்கள் கொம்யூனுக்கும் உண்டு, தாலுகாவுக்கும் உண்டு. பாகூர் தாலுகாவுக்குள் பாகூர் கொம்யூனோடு நெட்டப்பாக்கமும் அடங்கும். வில்லியனூர் தாலுகாவில் மண்ணாடிப்பட்டும் சேரும். ஆய்வாளர் பரப்பளவைக் கொம்யூனுக்கும் மக்கள்தொகையைத் தாலுகாவுக்கும் எடுத்திருந்தார். இரண்டு கொம்யூன்களின் மக்களை ஒரு கொம்யூனின் நிலத்தால் வகுத்ததால் மக்கள் அடர்த்தி ஊதிப்போயிருந்தது. அதற்கான பதில் இப்படி அமையலாம்:

கருத்து 1: ஆய்வுப் பரப்பு கொம்யூனா, தாலுகாவா?
பதில்: கொம்யூன். மக்கள்தொகை எண்கள் தாலுகாவுக்கு உரியவையாக இருந்தன.
மாற்றம்: கொம்யூனுக்கு உரிய எண்களாக மாற்றியுள்ளேன். அடர்த்தியும் மறுபடி கணக்கிடப்பட்டது.
இடம்: பிரிவு 1.4, இரண்டாம் பத்தி (ப. 9), அட்டவணை 3.2 (ப. 61), பிரிவு 6.1 (ப. 188), ஆய்வுச் சுருக்கம் (ப. 4).

ஒரு கேள்விக்கு நான்கு இடங்கள். தேர்வாளர் சுட்டியது ஒன்றைத்தான். ஆனால் அந்த எண்ணை நம்பிய வாக்கியங்கள் முடிவுரையிலும் சுருக்கத்திலும் இருந்தன. அட்டவணையை மட்டும் மாற்றிவிட்டுச் சுருக்கத்தில் பழைய அடர்த்தியை விட்டுவைப்பதுதான் அடிக்கடி நேரும் பிழை. இதைக் கண்டுபிடிக்க வழி எளிது: பழைய எண்ணைக் கோப்பு முழுக்கத் தேடுங்கள். எங்காவது அகப்பட்டால் திருத்தம் முடியவில்லை என்று பொருள்.

இரண்டாம் தேர்வாளரின் குறிப்பு கடினமானது: "நீர் மாதிரிகள் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மட்டுமே எடுக்கப்பட்டுள்ளன. மழைக்குப் பிந்தைய நிலை என்ன?" அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை நிலத்தடியில் இறங்கினால் கிணற்றின் உப்புத்தன்மை மாறக்கூடும். ஆனால் கடந்துபோன ஆண்டின் மாதிரியை இப்போது போய் எடுக்க முடியாது. இங்கே "திருத்தப்பட்டது" என்று எழுதினால் பொய்; பேசாமல் விட்டால் வாய்மொழித் தேர்வில் அதே கேள்வி மீண்டும் வரும். நேர்மையான பதில், முடிவின் எல்லையைச் சுருக்குவது. "இந்தக் கிணறுகள் உவர்ப்பானவை" என்றிருந்த வாக்கியத்தை "மழைக்கு முந்தைய மாதங்களில் உவர்ப்பானவை" என்று மாற்றி, ஆய்வின் வரம்புகள் பகுதியில் காரணத்தோடு ஒரு பத்தி சேர்த்து, இரண்டு இடங்களையும் குறிக்க வேண்டும்.

தேர்வாளரின் கருத்தை ஏற்க முடியாத இடத்திலும் இதே முறைதான். மறுப்பைக் காரணத்தோடு அட்டவணையில் எழுதி, அந்த விளக்கத்தை ஆய்வேட்டிலும் ஓர் அடிக்குறிப்பாகச் சேர்த்தால், மறுப்புக்கும் காட்ட ஓர் இடம் இருக்கும்.

எழுத்துப்பிழைகளுக்குத் தனித்தனி வரிசை வேண்டாம். ஒரே வரிசையில் பக்க எண்களை அடுக்கினால் போதும். ஆனால் ஒரே வாக்கியத்தில் தேர்வாளர் மூன்று கேள்வி கேட்டிருந்தால் அவற்றை 2அ, 2ஆ, 2இ என்று பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுவோம். கருத்துகள் தேர்வாளரின் அறிக்கையில் உள்ள வரிசையிலேயே, அவர் எழுதிய சொற்களிலேயே இருக்கட்டும்.

இடத்தைக் குறிக்கும் கட்டத்தைக் கடைசியில்தான் நிரப்ப வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பத்தி சேர்த்தாலே பின்னால் வரும் பக்க எண்கள் நகர்ந்துவிடும். அதனால்தான் பக்கத்தோடு பிரிவு எண்ணும் எழுதுகிறோம். இறுதிப் பிடிஎஃப் கைக்கு வந்தபின் எண்களை இட்டு, அட்டவணையையும் ஆய்வேட்டையும் அந்த ஆய்வைப் பற்றித் தெரியாத ஒரு நண்பரிடம் கொடுங்கள். உங்களை ஒரு கேள்வியும் கேட்காமல் அவர் ஒவ்வொரு மாற்றத்தையும் கண்டுபிடித்துவிட்டால், நெறியாளரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோகலாம்.