நீட்டுக்கு முந்தின ராத்திரி ஸ்டேட்டஸ்

பரீட்சைக்கு முந்தின ராத்திரி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல என்ன எழுதலாம்னு யோசிக்கும் முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கணும். ஸ்டேட்டஸின் ஆயுள் 24 மணி நேரம். 2025-ல் நீட் தேர்வு மே 4, ஞாயிற்றுக்கிழமை, மதியம் 2 மணியிலிருந்து 5 மணி வரை நடந்தது. சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு வைத்த வரி ஞாயிறு ராத்திரி 9 வரை நிற்கும். பிள்ளை ஹாலை விட்டு வெளியே வந்த பிறகும் நாலு மணி நேரம் அது எல்லார் கண்ணிலும் படும். ஹாலுக்குள் ஃபோனுக்கு அனுமதி இல்லை, அதனால் நடுவில் அழிக்கவும் வழியில்லை.

"நாளைக்கு ஒரு டாக்டர் உருவாகுறா" என்ற வரி சனிக்கிழமை ராத்திரி கெத்தாக இருக்கும். பிசிக்ஸ் கவிழ்த்துவிட்ட ஞாயிறு சாயந்திரம் அதே வரியைப் படித்துப் பாருங்கள். "எல்லாரும் எனக்காக வேண்டிக்கோங்க" என்பதில் வேறு தொல்லை. ஆளாளுக்கு பதில் போடுவார்கள், ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லியே பத்தரை ஆகிவிடும்.

என் அக்கா மகள் முதலில் எழுதினது, "720 வரப்போகுது, வெயிட் பண்ணுங்க." இது ஞாயிறு சாயந்திரம் தாங்காது என்று அவளே அழித்தாள். அடுத்து, "நாளைக்கு 2 மணிக்கு நீட். ஃபோன் அம்மாகிட்ட இருக்கு. முடிஞ்சதும் நானே பேசுறேன்." நல்ல வரிதான். ஆனால் "முடிஞ்சதும்" என்ற சொல் ஐந்தரை மணிக்கே "எத்தனை வரும்மா?" என்று ஆரம்பிக்க ஒரு அழைப்பிதழ் மாதிரி. அதை எடுத்துவிட்டு "திங்கட்கிழமை நானே பேசுறேன்" என்று மாற்றினோம். ஒரே சொல்தான், ஞாயிறு சாயந்திரம் முழுக்க அவளுக்குக் கிடைத்தது.

சிரிப்பு வரிகளும் ஞாயிறு வரை கெடாது. அவள் தோழி வைத்தது: "ஹால் டிக்கெட் எடுத்தாச்சு, போட்டோ எடுத்தாச்சு, ஷூ கூடாதாம், செருப்பும் எடுத்தாச்சு. மூளையைக் காலையில தேடிக்கலாம்." எத்தனை மார்க் வந்தாலும் இதைப் பார்த்து யாரும் கேலி பண்ண முடியாது.

வரியை வைத்த பிறகு தூக்கத்தைக் கெடுப்பது, யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல். கோச்சிங்கில் முதல் வரிசைக்காரன் பார்த்துவிட்டானா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை போகும். பிரைவசியில் `Read receipts`-ஐ அணைத்துவிட்டால் அந்தப் பட்டியலே நமக்குத் தெரியாது. மார்க் கேட்டே தீருவார் என்று தெரிந்த சொந்தக்காரரை `My contacts except...`-ல் சேர்க்கலாம். ஆனால் ஸ்டேட்டஸைப் பார்க்காதவருக்கு "திங்கட்கிழமை" என்பதும் தெரியாது, ஞாயிறே கூப்பிடுவார். அதனால் அவர் பார்க்கட்டும் என்று நாங்கள் விட்டுவிட்டோம். பட்டன் ஃபோன் வைத்திருக்கும் பெரியப்பாவுக்கு மட்டும் அக்கா சனிக்கிழமையே கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.