துளையின் கூரை

முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்த பொருளில் படுக்கைவாட்டில் ஒரு துளை இருந்தால், உள்ளே விரல்நுனியை விட்டுத் தடவிப் பாருங்கள். அடிப்பக்கமும் இரு பக்கச் சுவர்களும் ஒழுங்காகத்தான் இருக்கும். மேற்பக்கம் மட்டும் சொரசொரப்பாக, சில இடங்களில் நூல் தொங்கிக்கொண்டு இருக்கும். 8 மில்லிமீட்டர் ராடு நுழைய வேண்டிய துளையில் ராடு பாதியில் சிக்கும். துளை சிறியதாகிவிட்டது என்று நினைத்துப் பலர் விட்டத்தைக் கூட்டுகிறார்கள். ராடு நுழைந்துவிடும், ஆனால் லொடலொடவென்று ஆடும். கோளாறு விட்டத்தில் இல்லை, துளையின் கூரையில் இருக்கிறது.

ஃபிலமென்ட் இயந்திரம் பிளாஸ்டிக் இழையை உருக்கி, அடுக்கின் மேல் அடுக்காகக் கோடு போட்டுக்கொண்டே மேலே போகிறது. வழக்கமான 0.4 மி.மீ. நாஸிலில் ஒரு கோடு ஏறக்குறைய 0.45 மி.மீ. அகலம், ஓர் அடுக்கின் உயரம் 0.2 என்று வைத்துக்கொள்வோம். துளையின் மேல்பாதியில் ஒவ்வோர் அடுக்கும் கீழடுக்கைவிடக் கொஞ்சம் உள்ளே நீண்டு வர வேண்டும். கொத்தனார் செங்கலைச் சிறிது சிறிதாக வெளியே நீட்டி அடுக்குவது போலத்தான். பாதிக் கல்லுக்குக் கீழே பிடிமானம் இருக்கும்வரை அது நிற்கும், மீறினால் விழும்.

8 மி.மீ. துளையில் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வட்டம் 45 டிகிரி சாய்வை எட்டும் இடத்தில் ஓர் அடுக்கு அடுத்ததைவிட 0.2 மி.மீ. நீள்கிறது. கோட்டின் பாதிக்கு மேல் கீழடுக்கில் உட்கார்ந்திருக்கிறது, தொல்லை இல்லை. அதற்கு மேலே போகப்போக வட்டம் வேகமாகப் படுத்துவிடுகிறது. உச்சிக்கு 0.6 மி.மீ. கீழிருந்து 0.4 மி.மீ. கீழுக்கு வரும்போது நீட்சி 0.36. அடுத்த அடுக்கில் 0.49. கோட்டின் அகலமே 0.45தான்! அந்தக் கோடு முழுவதும் அந்தரத்தில் போடப்படுகிறது. மேலும், அது துளையின் நீளவாட்டில் ஓடும் கோடு. 20 மி.மீ. தடிமனுள்ள கட்டையில் துளை போகிறது என்றால், 20 மி.மீ. நீளத்துக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் ஓடித் தொய்ந்து உள்ளே இறங்குகிறது. ராடைத் தடுப்பது அந்தத் தொய்வுதான்.

அடுக்கை 0.1 ஆகக் குறைத்தால்? உச்சிக்கு அருகிலுள்ள அந்த நீட்சி 0.36 ஆகக் குறையும். சற்றே நல்லது, அவ்வளவுதான். அச்சு நேரமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. சப்போர்ட் வைத்தால் கூரை தாங்கப்படும், ஆனால் குறுகிய நீண்ட துளைக்குள்ளிருந்து அதைக் கிள்ளி எடுப்பது பல் பிடுங்கும் வேலை. எடுத்த பிறகும் வடு நிற்கும்.

இதற்கான விடை புதியதல்ல. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005இல் தொடங்கிய ரெப்ராப் திட்டம், தன் பிளாஸ்டிக் பாகங்களைத் தானே அச்சிடும் இயந்திரத்தை உருவாக்க முனைந்தது. அந்தப் பாகங்களில் ராடு நுழையும் துளைகள் ஏராளம். அவற்றைச் சப்போர்ட் இல்லாமல் அச்சிட வேண்டியிருந்ததால் துளைகளைத் துளி வடிவத்தில் வரைந்தார்கள். வட்டத்தின் இரு தோள்களிலும், சரியாக 45 டிகிரி தொடும் இடத்திலிருந்து, நேர்க்கோடுகள் மேலே போய் ஒரு கூர்முனையில் சந்திக்கும். எந்த இடத்திலும் சாய்வு 45 டிகிரியைத் தாண்டாது.

இதில் இழப்பது மிகக் குறைவு. வட்டத்தின் முக்கால் பங்கு, அதாவது 270 டிகிரி, அப்படியே இருக்கிறது. ராடு அதில்தான் உட்காருகிறது. மேலேயுள்ள கால் பங்கு இல்லாவிட்டாலும் அது நகராது. கூர்முனை மையத்திலிருந்து ஆரத்தைப்போல் 1.414 மடங்கு உயரத்தில் இருக்கும். 8 மி.மீ. துளையில் அது 5.66 மி.மீ., அதாவது வட்டத்தின் உச்சியைவிட 1.66 அதிகம்.

அந்த 1.66தான் சில நேரம் இடிக்கும். துளைக்கு மேலே 3 மி.மீ. பிளாஸ்டிக் மட்டுமே இருந்தால் பாதிக்கு மேல் போய்விடும். கூர்முனை ஒரு வெட்டுக்காயம் மாதிரி; ராடு மேல்நோக்கி அழுத்தினால் விரிசல் அங்கேதான் தொடங்கும். ஆகவே நான் முழுத் துளியைவிட முனை வெட்டிய துளியையே சொல்வேன். தோள்களில் 45 டிகிரி சேம்ஃபர், மேலே சிறிய தட்டையான கூரை. தட்டையான கூரை எப்படி நிற்கும் என்று கேட்கலாம். கீழே ஒன்றும் இல்லாவிட்டாலும் இரு கரைகளைப் பிடித்து இழுத்த கோடு தொய்யாது. இதைப் பிரிட்ஜ் என்கிறார்கள். வட்டத்தின் உச்சிக்கு 0.3 மி.மீ. மேலே வெட்டினால் 8 மி.மீ. துளையில் கூரையின் அகலம் வெறும் 2.7 மி.மீ. அந்தத் தூரத்தைச் சாதாரண பிஎல்ஏ அலட்சியமாகத் தாண்டும். 0.3 எதற்கு? பிரிட்ஜ் கொஞ்சம் தொய்ந்தாலும் ராடைத் தொடாமல் இருப்பதற்கு.

ஓப்பன்ஸ்காடில் இதை எழுதுவது எளிது. ஒரு சதுரத்தை 45 டிகிரி திருப்பி வட்டத்தோடு சேர்த்தால் துளி கிடைத்துவிடும். மேலே வெட்ட ஒரு பெட்டி.

```
module thuli(d, h) {
  r = d/2;
  intersection() {
    union() {
      cylinder(d=d, h=h, $fn=96);
      rotate([0,0,45]) cube([r, r, h]);
    }
    translate([-d,-d,0])
      cube([2*d, d+r+0.3, h]);
  }
}
rotate([90,0,0]) thuli(8.2, 20);
```

கடைசி வரியிலுள்ள சுழற்சி துளையைப் படுக்கவைத்து முனையை மேலே திருப்புகிறது. 8.2 என்று கொடுத்திருப்பது ராடு தாராளமாக நுழைய. உங்கள் இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். இந்த உருவத்தைக் கட்டையிலிருந்து கழித்தால் போதும்.

அச்சிடுமுன் ஸ்லைசரின் முன்னோட்டத்தில் கூரை அடுக்கை மட்டும் பார்த்துவிடுங்கள். கோடுகள் துளைக்குக் குறுக்கே, கரையிலிருந்து கரைக்குப் போக வேண்டும். துளையின் நீளவாட்டில் ஓடினால் 2.7 மி.மீ. பாலம் 20 மி.மீ. பாலமாகிவிடும், பிரிட்ஜின் திசையைக் கையால் மாற்ற வேண்டும்.

எம்3 திருகுக்கான சிறிய துளைகளுக்கு இதெல்லாம் வேண்டாம். 3 மி.மீ. வட்டத்தில், 8 மி.மீ. துளையில் 0.49 நீண்ட அதே அடுக்கு 0.27 மட்டுமே நீள்கிறது, வட்டமாகவே வந்துவிடும். பெரிய துளைகளில் தட்டைக் கூரையும் அகலமாகும். 22 மி.மீ. பேரிங் உட்காரும் குழியில் 0.3 மேலே வெட்டினால் ஏறக்குறைய 8.5 மி.மீ. காற்றாடி நன்றாக வீசினால் பிஎல்ஏவில் இது வரும். காற்றாடியைக் குறைத்து ஓட்டும் ஏபிஎஸ்ஸில் தொய்வு தெரியும்; அங்கே கூரையை இன்னும் உயர்த்திக் குறுக்கலாம்.

துளியின் முனை, அச்சுத்தட்டில் பொருள் எப்படி நிற்கிறதோ அந்த நிலையில் மேலே பார்க்க வேண்டும். பொருளைப் பயன்படுத்தும்போது எது மேல் என்பது இதற்குச் சம்பந்தமில்லை. கோப்பை வாங்கிய இன்னொருவர் பொருளைப் பக்கவாட்டில் திருப்பி அச்சிட்டால் துளி பக்கம் பார்க்கும், மேலே பழையபடி வட்டக் கூரை தொய்யும். அதனால் கோப்போடு எந்தப் பக்கம் தட்டில் படிய வேண்டும் என்று ஒரு வரி எழுதிவைப்பது நல்லது. தண்ணீரோ காற்றோ கசியாமல் ரப்பர் வளையம் அமர வேண்டிய துளைக்குத் துளி வடிவம் உதவாது. அதற்கு முழு வட்டம் தேவை. அப்போது பொருளையே திருப்பித் துளையைச் செங்குத்தாக நிறுத்தி அச்சிட வேண்டும். அதற்கும் வழியில்லாவிட்டால் சற்றுச் சிறிதாக அச்சிட்டு, டிரில் பிட்டை மெதுவான வேகத்தில் ஓட்டி அளவுக்குக் கொண்டுவர வேண்டியதுதான்.