காம்பைப் பார்த்தீர்களா?

குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ரப்பர் விவசாயிகள் யோசனை கேட்டு அனுப்பும் கைபேசிப் படங்களில் இரண்டு அடிக்கடி சேர்ந்தே வரும். ஒன்றில் பால் வராத வெட்டு, மற்றொன்றில் தரையில் கொட்டிக் கிடக்கும் இலை. இலை கொட்டியதால்தான் பால் நின்றது என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலும் இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள்.

இலைப் படம் எளிது. ஜூன், ஜூலை மழையில் இலைகள் பச்சையாகவோ செம்பு நிறத்திலோ காம்போடு விழுந்திருந்தால், படத்தைப் பெரிதாக்கிக் காம்பைப் பாருங்கள். அதில் கருத்த புண்ணும், நடுவே உறைந்த வெள்ளைப் பால் சொட்டும் இருந்தால் அது பைட்டோப்தோரா என்ற கிருமியின் வேலை. பிப்ரவரி, மார்ச்சில் துளிர் இலையில் வெள்ளைப் பொடி படிந்து, இலை மட்டும் உதிர்ந்து காம்பு கிளையிலேயே நின்றால் அது சாம்பல் நோய். டிசம்பர், ஜனவரியில் மஞ்சளாகி உதிர்வது நோயே அல்ல, மரத்தின் வழக்கம்.

மழைக்கால உதிர்வுக்கு, இலை கொட்டிய பிறகு மருந்தடித்துப் பயனில்லை. மழைக்கு முன்பே, மே மாதத்துக்குள், ஒரு சதவீத போர்டோக் கலவை தெளிக்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு. கலந்ததும் தீட்டிய இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்கள். கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும்.

தண்டுப் படம் அப்படி எளிதல்ல. வெட்டிய சில நிமிடங்களுக்குள் எடுத்த படம்தான் பேசும். வெட்டுக்கோட்டில் எந்த இடத்தில் பால் கசிகிறது, எந்த இடம் காய்ந்திருக்கிறது என்று அதில் தெரியும். நேற்றைய வெட்டாக இருந்தால், ஒட்டுப்பால் நாடா எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்கலாம். காய்ந்த இடத்துப் பட்டை பழுப்பேறி, பிறகு வெடித்தும் புடைத்தும் போனால் பட்டை வறட்சி முற்றிவிட்டது. இதற்கென்று ஒரு கிருமி உறுதியாக அடையாளம் காணப்படவில்லை. அதனால் பட்டையில் பூஞ்சைமருந்து பூசுவது வீண்செலவு. தினசரி வெட்டும், அளவுமீறிய எத்திஃபானும் மரத்தை இந்த நிலைக்குத் தள்ளுகின்றன. நன்றாகப் பால் தரும் 105 ரகத்தில் இது அதிகம் என்பது விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். கூலி, விலை என்ற கணக்கில் ஓய்வுநாளைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள்.

பால் வழக்கத்தைவிட நீர்த்து, நெடுநேரம் சொட்டிக்கொண்டே இருந்தால் அது முன்னறிகுறி. அப்போதே வெட்டு இடைவெளியைக் கூட்டினால் மரம் தேறக்கூடும். கோட்டில் பாதி காய்ந்துவிட்டால் அந்த மரத்துக்குச் சில மாதம் ஓய்வு. பிறகு வெட்டுக்குக் கீழே ஊசியால் அங்கங்கே குத்திப் பார்க்க வேண்டும். பால் துளிர்க்கும் இடம்வரை வறட்சி எட்டவில்லை. பழுப்பேறிய பட்டை மீள்வது அரிது. ஆனால் எதிர்ப்பக்கத்துப் பட்டையிலோ மேல்பட்டையிலோ பால் மிஞ்சியிருக்கலாம். மரத்தை விறகுக்கு விலைபேசும் முன் அங்கேயும் ஊசி போட்டுப் பார்ப்பது நல்லது.