மெயிலில் ஒரு தேதி, தபாலில் ஒரு தேதி: ஜிஎஸ்டி நோட்டீஸுக்குக் கெடு எப்போது முடிகிறது?

“தபால் கைக்கு வந்தே மூணு வாரம்தான் ஆகுது. அதுக்குள்ள கெடு முடிஞ்சுபோச்சுன்னா எப்படிங்க?” போடிநாயக்கனூரில் கடை வைத்திருக்கும் ஏலக்காய் வியாபாரி ஒருவர் இப்படிக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். பறிப்புக் காலத்தில் அவர் போடிமெட்டுக்கு மேலே தோட்டத்திலேயே தங்கிவிடுகிறார். கடைக்கு வந்த தபால் அப்படியே கிடக்கிறது. மெயிலையோ அவர் பார்ப்பதே இல்லை.

அவருக்கு 2025 ஜூன் 3 அன்று மெயிலில் நோட்டீஸ் வருகிறது. அதே நோட்டீஸ் ஸ்பீட் போஸ்ட்டில் ஜூன் 11 அன்று கிடைக்கிறது. ‘கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதில் தரவும்’ என்று அதில் இருக்கிறது. நோட்டீஸ் கிடைத்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை, மறுநாள்தான் முதல் நாள். மெயிலை வைத்து எண்ணினால் ஜூலை 3-ல் கெடு முடியும். தபாலை வைத்து எண்ணினால் ஜூலை 11. இடையில் எட்டு நாள்.

எது செல்லும்? ஜிஎஸ்டி சட்டத்தின் 169-வது பிரிவு நேரில் தருவது, பதிவுத் தபால், ஸ்பீட் போஸ்ட், மெயில், ஜிஎஸ்டி போர்ட்டல் எனப் பல வழிகளைச் சொல்லி, இவற்றில் ஏதாவது ஒன்று போதும் என்கிறது. எனவே மெயில் முறைப்படி போய்ச் சேர்ந்திருந்தால், பின்னால் வரும் தபால் கெடுவைப் புதிதாகத் தொடங்கிவைக்காது. ஜூலை 3 என்றே எடுத்துக்கொள்வதுதான் பத்திரம்.

“நான் மெயிலைத் திறக்கவே இல்லையே” என்பதும் எடுபடுவது கடினம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி, நாம் கொடுத்த முகவரிக்குள் மெயில் நுழைந்த நேரமே அது கிடைத்த நேரம். ஸ்பேமில் கிடந்தாலும் அப்படித்தான் வாதிடுவார்கள். ஜிஎஸ்டி பதிவில் பலர் ஆடிட்டரின் மெயிலைக் கொடுத்திருப்பார்கள். அங்கே போனதும் நமக்கு வந்ததாகவே ஆகும்.

தபால் தேதி கைகொடுக்கும் இடமும் உண்டு. பதிவில் இல்லாத முகவரிக்கு மெயில் போயிருந்தாலோ, முகவரி தவறி மெயில் திரும்பியிருந்தாலோ அந்த வாதம் நிற்கும். அதற்குத் தபால் உறையைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்க வேண்டும். உறையில் உள்ள ஸ்பீட் போஸ்ட் எண்ணை இந்தியா போஸ்ட் தளத்தில் போட்டு, டெலிவரி தேதி தெரியும் பக்கத்தை உடனே பிரின்ட் எடுத்துக்கொள்வது நல்லது.

இத்தனைக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, நோட்டீஸிலேயே பதிலுக்கான தேதி அச்சாகியிருக்கிறதா என்பதை. இருந்தால் நாள் எண்ணும் வேலையே இல்லை, அந்தத் தேதிதான். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தால் திங்கட்கிழமை கொடுக்கலாம் என்று பொது விதி உண்டு. ஆனால் போர்ட்டல் ஞாயிறும் திறந்திருப்பதால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

நம் வியாபாரி தபாலைப் பிரிப்பது ஜூலை 1 என்றால், கையில் இருப்பது இரண்டே நாள். முழுப் பதில் தயாராகாது. அவர் உடனே காரணம் சொல்லி அவகாசம் கேட்டு எழுதலாம். தக்க காரணம் இருந்தால் விசாரணையைத் தள்ளிவைக்க 75-வது பிரிவு இடம் தருகிறது, அதிகபட்சம் மூன்று முறை. அந்தக் கடிதத்தில் ‘மெயில் பார்க்கவில்லை’ என்று மட்டும் எழுதாமல், தபால் கைக்கு வந்த தேதியையும் அதற்கான பிரின்ட்டையும் சேர்த்துப் போர்ட்டல் வழியே ஜூலை 3-க்குள் அனுப்பிவிட வேண்டும்.