பன்னிரண்டு லட்சத்துக்குள் எத்தனை லட்சம்?

போன மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்குச் சித்தி மகள் போன் செய்தாள். மென்பொருள் சோதனையில் ஐந்தாண்டு அனுபவம் உள்ளவள். "அக்கா, ஆஃபர் லெட்டர் வந்துடுச்சு. பன்னிரண்டு லட்சம்! இப்ப வாங்குறது ஒன்பது எண்பது. 'அக்செப்ட்' போட்டுடவா?"

"போடாதே. முதல்ல கடைசிப் பக்கத்தைத் திற" என்றேன். பல வருடம் ஹெச்.ஆர். வேலை பார்த்தவள் நான். ஆஃபர் லெட்டரின் முதல் பக்கத்தில் இருக்கும் பெரிய எண் சி.டி.சி. நமக்காக நிறுவனத்துக்கு வருடத்தில் ஆகும் மொத்தச் செலவு அது. அது எப்படிப் பிரிகிறது என்பது பின்னால் இருக்கும் இணைப்பில்தான் தெரியும்.

இருவரும் கணக்குப் போட்டோம். 12 லட்சத்தில் 1.5 லட்சம் 'வேரியபிள்'. அவளும் நிறுவனமும் இலக்கைத் தொட்டால் வருடக் கடைசியில் வரும், குறையவும் செய்யலாம். அடிப்படைச் சம்பளம் 6 லட்சம். அதில் 12 சதவீதம், அதாவது 72,000 ரூபாய், நிறுவனம் கட்டும் பி.எஃப். இன்னொரு 28,860 ரூபாய் கிராஜுவிட்டிக்கு. இவை போனால் மாதத்துக்கு 79,095 ரூபாய் மிஞ்சுகிறது; அவள் பங்கு பி.எஃப்., வரி எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். பழைய வேலையில் வேரியபிளே கிடையாது. அங்கே இதே கணக்குக்கு 74,800 வருகிறது. காகிதத்தில் 22 சதவீத உயர்வு. மாதத்தில் கூடுவது சுமார் 4,300 ரூபாய்.

உடனே கோபமாக ஒரு மெயில் தட்டப் பார்த்தாள். வாடகை ஏறிவிட்டது, தம்பி படிக்கிறான் என்றெல்லாம் எழுத நினைத்தாள். உண்மைதான், ஆனால் அந்தக் காரணங்கள் ஹெச்.ஆருக்கு உதவாது. சம்பளத்தை உயர்த்தும் அதிகாரம் பெரும்பாலும் நம்மிடம் பேசும் ஹெச்.ஆர். கையில் இல்லை. நம் மெயிலை அவர் துறைத் தலைவருக்கோ நிதிப் பிரிவுக்கோ அனுப்பி ஒப்புதல் கேட்பார். நம்மைப் பார்த்தே இராத அந்த மனிதர் படித்தாலும் நியாயம் புரிய வேண்டும். அதனால்தான் இதைப் போனில் பேசி முடிக்காமல் எழுத்தில் அனுப்பச் சொல்கிறேன். அவள் ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் இது:

"வணக்கம் மேடம். ஆஃபருக்கு மிக்க நன்றி. பேமெண்ட்ஸ் குழுவில் சேர விருப்பத்தோடு இருக்கிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் உதவி வேண்டும். இப்போது என் நிலையான ஊதியம் 9.8 லட்சம், ஆஃபரில் அது 10.5 லட்சம், சுமார் 7 சதவீதம் கூடுதல். நேர்காணலில் பேசியபடி தானியங்கிச் சோதனையைப் புதிதாக அமைப்பதும், இருவரை வழிநடத்துவதும் என் பொறுப்பு. இப்போதைய வேலையில் இவை இல்லை. இதைக் கருதி நிலையான பகுதியை 11.7 லட்சமாக்க இயலுமா? அந்தப் பதவிக்கான வரம்பு இடம் தராவிட்டால், ஜாயினிங் போனஸ் போன்ற வேறு வழி இருந்தாலும் பேசத் தயார். புதன்கிழமைக்குள் தெரிந்தால் உங்கள் கெடுவுக்குள் பதில் தந்துவிடுவேன்."

கேட்பது ஒரே எண். காரணம் இரண்டு, இரண்டையும் அவர்களே சரிபார்க்கலாம். வரம்பு என்ற தடையை அவளே முன்கூட்டிச் சொல்லிவிட்டதால், ஹெச்.ஆருக்கு 'முடியாது' என்பதைத் தவிர வேறு பதிலுக்கும் இடம் இருந்தது.

கையில் இல்லாத இன்னொரு ஆஃபரை இருப்பதாக எழுத அவளுக்கு ஒரு நண்பர் யோசனை சொன்னார். நான் கண்டிப்பாக வேண்டாம் என்றேன். 'அந்தக் கடிதத்தை அனுப்புங்கள்' என்று நானே பலரைக் கேட்டிருக்கிறேன். பலருக்கு அதோடு பேச்சு நின்றுவிட்டது. பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்வதும் அப்படித்தான். சம்பளச் சீட்டும் ஃபார்ம் 16-ம் காட்டிக்கொடுத்துவிடும். கல்லூரி வளாகத்தில் மொத்தமாக ஆள் எடுக்கும்போது எல்லோருக்கும் ஒரே தொகைதான். அங்கே எவ்வளவு நன்றாக எழுதினாலும் பெரிதாக நகராது.

இரண்டு நாளில் பதில் வந்தது. நிலையான பகுதி 11.25 லட்சம், கூடவே ஒரு லட்சம் ஜாயினிங் போனஸ். கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லைதான். ஆனாலும் மாதக் கூடுதல் 4,300-லிருந்து சுமார் 10,000 ஆனது. போனஸுக்கு ஒரு நிபந்தனை இருந்தது: ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும். அது ஒரு முறைதான் வரும். அடுத்த வருட உயர்வுக் கணக்கிலும் சேராது. ஆகவே அதைவிட நிலையான பகுதியில் ஏறிய 75,000 ரூபாயைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இந்தப் பதிலை ஹெச்.ஆர். போனில்தான் சொன்னார். அன்றே அவள் இரண்டு எண்களையும் குறிப்பிட்டு நன்றி சொல்லி மெயில் போட்டாள். திருத்திய ஆஃபர் லெட்டரையும் கேட்டாள். அது வந்து, கடைசிப் பக்கத்தை மறுபடி கூட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் பழைய மேலாளரிடம் ராஜினாமா கொடுத்தாள்.