ராம் சிப்பும் மைக்ரோகண்ட்ரோலரும்: நானோ செகண்ட் கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கும்போது 8 ஜிபி ராம், 16 ஜிபி ராம் என்று பேரம் பேசுகிறோம். அந்த ராம் ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப இயங்குவது. ஆனால் கடிகாரமே இல்லாத ராம் சிப்களும் உண்டு. அவற்றை அசின்க்ரனஸ் ஸ்டேட்டிக் ராம் என்பார்கள். 62256 என்ற 28 கால் சிப் இதில் மிகவும் பிரபலமானது. பொறியியல் கல்லூரிகளில் 8051 மைக்ரோகண்ட்ரோலர் பயிற்சிப் பலகையைப் பார்த்தவர்கள் பலருக்கு இந்தச் சிப்பும் அறிமுகமாகியிருக்கும். அதன் கொள்ளளவு 32 கிலோபைட். சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்குபவர்களுக்கும் இது பழக்கமான பெயர்தான்.

கடிகாரம் இல்லை என்றால், தகவல் எப்போது தயார் என்று சிப் எப்படிச் சொல்லும்? சொல்லவே சொல்லாது. "முகவரி கொடுத்த 70 நானோ செகண்டுக்குள் தகவலை வெளியே வைத்துவிடுவேன்" என்று அதன் டேட்டாஷீட்டில் ஒரு வாக்குறுதி மட்டும் இருக்கும். அதற்கு முன்பே படித்தால் கிடைப்பது குப்பை. அந்த வாக்குறுதியைப் படமாக வரைந்ததுதான் டைமிங் டயகிராம்.

இணைப்பு எப்படி?

62256-ல் 15 முகவரிக் கால்கள், 8 தகவல் கால்கள், 2 மின்சாரக் கால்கள் உண்டு. மீதி மூன்றும் கட்டளைக் கால்கள். முதலாவது சிப் செலக்ட், "உன்னைத்தான் கூப்பிடுகிறேன்" என்று சொல்வது. இரண்டாவது அவுட்புட் எனேபிள், "தகவலை வெளியே வை" என்பது. மூன்றாவது ரைட் எனேபிள், "இதை எழுதிக்கொள்" என்பது. மூன்றுமே பூஜ்ஜியம் வோல்ட்டுக்கு இறங்கும்போது வேலை செய்பவை.

8051-ல் கால்கள் குறைவு. அதனால் முகவரியின் கீழ்ப் பாதியும் தகவலும் போர்ட் 0 என்ற அதே எட்டுக் கால்களில் மாறி மாறி வருகின்றன. முதலில் முகவரி வரும். அதைப் பிடித்து வைத்துக்கொள்ள 74எச்சி573 என்ற லாட்ச் சிப் வேண்டும். ஏஎல்இ என்ற கால் "இப்போது வருவது முகவரி" என்று லாட்சுக்குச் சொல்லும். பிறகு அதே கால்களில் தகவல் போய்வரும். முகவரியின் மேல் பாதி போர்ட் 2-ல் நேரடியாக வருகிறது. அதன் கடைசிக் காலை சிப் செலக்டுக்குக் கொடுத்தால், 0000 முதல் 7FFF வரையிலான முகவரிகளுக்கு ராம் விழித்துக்கொள்ளும். 8051-ன் ஆர்டி காலை அவுட்புட் எனேபிளுக்கும், டபிள்யூஆர் காலை ரைட் எனேபிளுக்கும் கொடுக்க வேண்டும்.

படிக்கும் கணக்கு

இப்போது இரண்டு டேட்டாஷீட்டுகளை அருகருகே வையுங்கள். ஒன்று 12 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏடி89எஸ்52, அதாவது 8051 குடும்பத்துச் சிப். இன்னொன்று சைப்ரஸ் நிறுவனத்தின் 62256, 70 நானோ செகண்ட் வகை. ஒவ்வொரு வரியிலும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: மைக்ரோகண்ட்ரோலர் எவ்வளவு நேரம் காத்திருக்கும், ராமுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

முகவரி வெளியே வந்ததிலிருந்து 585 நானோ செகண்டுக்குள் தகவல் வந்தால் போதும் என்கிறது 8051. லாட்சைக் கடக்க தாராளமாக 40 கழித்தாலும் 545 மிச்சம் இருக்கிறது. ராம் கேட்பதோ வெறும் 70. அடுத்து, ஆர்டி கால் இறங்கியதிலிருந்து 252 நானோ செகண்ட் காத்திருப்பேன் என்கிறது 8051. அவுட்புட் எனேபிள் இறங்கிய 35 நானோ செகண்டில் ராம் தகவலைத் தந்துவிடும். இரண்டிலுமே ராமுக்குத் தேவைக்கு மேல் நேரம் இருக்கிறது.

படித்து முடிந்ததும் ராம் கம்பிகளை விட்டுவிலக வேண்டும். ஏனென்றால் அடுத்த முகவரி அதே கம்பிகளில்தான் வரும். இதற்கு 8051 தரும் அவகாசம் 97 நானோ செகண்ட். ராம் 25-க்குள் விலகிவிடும். இங்கும் கவலையில்லை.

எழுதும் கணக்கு

படிப்பதில் தவறினால் ஒரு தடவை தவறான எண் கிடைக்கும். மறுபடி படித்தால் சரியாகலாம். எழுதுவதில் தவறினால் ஏற்கெனவே இருந்த தகவலும் அழிந்துபோகும். ரைட் எனேபிள் இறங்கியிருக்கும்போது முகவரிக் கம்பிகள் அசைந்தால், வழியில் இருக்கும் வேறு அறைகளிலும் எழுதப்பட்டுவிடும். அதனால் முகவரி முதலில் நிலைக்க வேண்டும், அதற்குப் பிறகே டபிள்யூஆர் இறங்க வேண்டும். 8051 இதற்கு 203 நானோ செகண்ட் இடைவெளி விடுகிறது. லாட்சுக்குக் கழித்தாலும் 163 மிச்சம். ராம் கேட்பது பூஜ்ஜியம், அதாவது முகவரி பின்தங்காமல் இருந்தால் போதும்.

டபிள்யூஆர் எவ்வளவு நேரம் கீழே இருக்க வேண்டும்? ராம் கேட்பது 50, கிடைப்பது 400. ராம் தகவலைப் பிடித்துக்கொள்வது டபிள்யூஆர் இறங்கும்போது அல்ல, மறுபடி மேலே ஏறும்போதுதான். புதிதாகப் படிப்பவர்கள் குழம்பும் இடம் இது. ஏறுவதற்கு முன் தகவல் 30 நானோ செகண்ட் நிலையாக இருக்க வேண்டும், 8051 அதை 433-க்கு முன்பே வைத்துவிடுகிறது. ஏறிய பிறகும் 33 நானோ செகண்ட் விட்டுவைக்கிறது. ராம் இதற்கும் பூஜ்ஜியம்தான் கேட்கிறது.

சோதனையே ஏமாற்றினால்?

கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைப் பதிவு செய்ய இப்படி ஒரு பலகை செய்தேன். ஒவ்வொரு அறையிலும் அதன் முகவரியின் கீழ்ப் பாதியையே எழுதி, உடனே திரும்பப் படித்துச் சரிபார்த்தேன். 32 கிலோபைட்டும் 'சரி' என்று வந்தது. ஆனால் உண்மையான நீர்மட்டப் பதிவைப் படித்தபோது 1, 2, 3 என்று வரிசையாக எண்கள் வந்தன. சந்தேகப்பட்டு ராம் சிப்பையே சாக்கெட்டிலிருந்து கழற்றிவிட்டுச் சோதனையை மறுபடி ஓட்டினேன். அப்போதும் 'சரி' என்றுதான் வந்தது!

காரணம் போர்ட் 0. முகவரியின் கீழ்ப் பாதி அதே கம்பிகளில்தான் முதலில் வருகிறது. பிறகு 8051 கம்பிகளை விட்டுவிடும். ராம் பதில் சொல்லாவிட்டால், கம்பிகளில் உள்ள சிறிய மின்தேக்கம் கடைசியாக இருந்த முகவரியையே சற்று நேரம் பிடித்து வைத்திருக்கும். நான் எதிர்பார்த்த எண்ணும் அதேதான். சிப் செலக்ட் கால் சரியாக சால்டர் ஆகவில்லை, ராம் ஒருமுறைகூட விழிக்கவே இல்லை.

சரியான சோதனைக்கு இரண்டு விதிகள். முகவரியும் எழுதும் எண்ணும் ஒன்றாக இருக்கக்கூடாது. எல்லா அறைகளையும் எழுதி முடித்த பிறகே படிக்க ஆரம்பிக்க வேண்டும்.

```
      MOV  DPTR,#0000H
FILL: MOV  A,DPL
      XRL  A,DPH
      XRL  A,#5AH
      MOVX @DPTR,A
      INC  DPTR
      MOV  A,DPH
      CJNE A,#80H,FILL
```

இதில் முகவரியின் இரண்டு பாதிகளையும் கலந்து, மேலும் ஒரு மாறாத எண்ணையும் சேர்த்து எழுதுகிறோம். இரண்டாவது சுற்றில் அதே கணக்கைப் போட்டு, படித்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஒரு முகவரிக் கம்பி துண்டிக்கப்பட்டிருந்தாலும் இது காட்டிக்கொடுக்கும். ஏனென்றால் பின்னால் எழுதியது முன்னால் எழுதியதை அழித்திருக்கும்.

முகவரிக் கம்பிகள் தங்களுக்குள் இடம் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். எழுதும்போது எந்த அறைக்குப் போனதோ, படிக்கும்போதும் அதே அறைக்குத்தான் போகும். தகவல் கம்பிகளுக்கும் அப்படியே. ராமுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை, வெளியே புரோகிராம் செய்து கொண்டுவரும் ஈப்ராம் சிப்புக்கு இல்லை.

வேகமான சிப்பில் என்ன ஆகும்?

அதே 62256-ஐ 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏடிமெகா128-ல் மாட்டினால் கதை மாறுகிறது. காத்திருப்பு எதுவும் சேர்க்காவிட்டால், ஆர்டி இறங்கியதிலிருந்து அது கொடுக்கும் நேரம் 12.5 நானோ செகண்ட் மட்டுமே. ராம் கேட்பது 35. எழுதும்போது டபிள்யூஆர் 52.5 நானோ செகண்ட் கீழே இருக்கும். ராம் கேட்பது 50, எழுதுவது மட்டும் தப்பிக்கிறது. ஆகவே தகவல் சரியாகப் பதிந்திருக்கும், படிக்கும்போது மட்டும் தவறாக வரும்.

சில நேரம் இந்தப் பலகை மேசையில் நன்றாகவே வேலை செய்யும். டேட்டாஷீட் எண்கள் மிக மோசமான நிலைக்கு உத்தரவாதம் தருபவை. பெரும்பாலான சிப்கள் அதைவிட வேகமாகவே இருக்கும். ஆனால் வெப்பம் ஏறினாலும் வோல்ட்டேஜ் இறங்கினாலும் இவ்வகைச் சிப்கள் மெதுவாகும். மார்கழியில் ஓடிய பலகை அக்னி நட்சத்திரத்தில் மாடியில் தடுமாறுவது இதனால்தான். கடிகார வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். தவறு மறைந்தால் பிரச்சினை பெரும்பாலும் நேரக் கணக்கில் இருக்கிறது. மறையாவிட்டால் முதலில் வயரிங்கைப் பாருங்கள்.

தீர்வு ஒரே வரியில் இருக்கிறது:

```
MCUCR |= (1<<SRE) | (1<<SRW10);
```

இது வெளி ராமை இயக்கி, ஒவ்வொரு தடவையும் ஒரு துடிப்பு கூடுதலாகக் காத்திருக்கச் சொல்கிறது. இப்போது படிக்க 75 நானோ செகண்ட் கிடைக்கும். 35 கேட்கும் ராமுக்கு இது போதும். ஆனால் லாட்ச் விஷயத்தில் இந்தக் காத்திருப்பு உதவாது. லாட்ச் முகவரியைப் பிடிப்பதற்குக் கிடைக்கும் நேரம் இதனால் நீள்வதில்லை. இந்த வேகத்துக்கு 74எச்சி வகை லாட்ச் போதாது என்று ஏடிமெகா128-ன் டேட்டாஷீட்டே எச்சரிக்கிறது. 74ஏஎச்சி573 வாங்கிப் போடுங்கள். கால்கள் அதே வரிசையில் இருப்பதால் பழைய சாக்கெட்டிலேயே பொருந்தும்.

கடையில் 62256 வாங்கும்போது பெயரின் கடைசியில் உள்ள எண்ணைப் பாருங்கள். 70 என்றால் 70 நானோ செகண்ட், 55 என்றால் 55. எண் குறைந்தால் வேகம் கூடும். ராமின் கால்களுக்குப் பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றையும் போட்டுவிடுங்கள். சோதனை 'சரி' என்று சொன்னதும், நம்புவதற்கு முன்னால் மின்சாரத்தை நிறுத்தி, ராம் சிப்பைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போது 'தவறு' என்று வந்தால்தான் உங்கள் சோதனை உண்மையான சோதனை.